ஹட்டன் வரைக்கும் ஒரு சீட்

இன்று காலை வட்டகொடை ஸ்டேஷனில் கொழும்பு ரயிலில் ஏறி, ஒரு சீட்டில் நானும் பக்கத்து சீட்டில் என் ஹேண்ட்பேக்கும் உட்கார்ந்தோம்!

பேக் உட்கார்ந்தது தினேஷுக்காக. (என் லவ்வர். இன்று காலை வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் கொழும்புக்குத் திரும்புகிற நேரம். ஹட்டனில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். முந்தைய ஸ்டேஷன் ஒன்றில் யாராவது ஏறி சீட் பிடித்து வைத்தால் உட்கார்ந்து போகலாம்.

அந்த யாராவது நான்தான்.

கொழும்பில் கடை வேலையிலிருந்து லீவுக்கு ஹட்டனுக்கு வந்தவரிடமிருந்து பொங்கலன்றுகூட ஒரு போன் இல்லை. நேற்றுத்தான் வந்தது.

"செல்லம், சாப்ட்டியா?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை இருந்தால் 'செல்லம்'. மனசு சரியில்லை என்றால் 'அம்மாடி'. இரண்டும் இல்லாத நாட்களில் என் மெசேஜுக்குக் கீழே நீல டிக் மட்டும்.

"நாளைக்கு நான் கொழும்புக்கு திரும்பணும். நீ வட்டகொடைல ஏறி ஒரு சீட் புடிச்சி வையேன். ஹட்டன்ல நீ எறங்கிக்கலாம்."

"சரிங்க!" என்றேன். யோசிக்கவே இல்லை.

(அவர் பிஸி, அவருக்கு டேட்டா இல்லை, அவர் சுபாவமே அப்படி. இந்தக் காரணங்களை அவர் சொன்னதே இல்லை. எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு!)

போன வாரம் அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிவிட்டது. முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் வார்டில் கிடந்தார். பயந்துபோய் தினேஷுக்கு மெசேஜ் போட்டேன்.

"ஐயோ. டேக் கேர்" என்று பதில் வந்தது.

மறுநாள் அவரே கூப்பிட்டார். அம்மாவைத்தான் விசாரிக்கப் போகிறார் என்று வார்டுக்கு வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"அம்மாடி, கடைல சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால ஏசிட்டாரு. அழுகையா வருது."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். கடைசியில், "நீ மட்டுந்தான் என்னைய புரிஞ்சிக்கிற" என்றார். அந்த ஒரு வரி எனக்கு ஒரு மாதத்துக்குப் போதும். எனக்குச் செலவே இல்லை பாருங்கள்!

அம்மாவைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. இன்று நேரில் பார்த்தால் கட்டாயம் கேட்பார் என்று நம்பினேன். அதற்காகவே நாவலப்பிட்டி வரைக்கும் டிக்கட் எடுத்தேன். ஹட்டனிலிருந்து கொஞ்ச தூரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போகலாமே! (புது சுடிதார் வேறு.)

தலவாக்கலையில் கூட்டம் நெரித்தது. தூங்குகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாருக்கு தங்கச்சி இந்த எடம்?"

"ஹட்டன்ல ஒருத்தரு ஏறுவாரு."

"வீட்டுக்காரரா?"

இல்லை என்று சொல்லவும் மனசில்லை, ஆமாம் என்று சொல்லவும் வழியில்லை. சிரித்து வைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பிள்ளையின் கால் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கொட்டகலையில் வெட்கம் தாங்காமல் பேக்கை மடியில் எடுத்து வைத்து அக்காவை உட்காரச் சொன்னேன்.

உட்கார்ந்ததும், எங்கே போகிறேன், வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். அம்மாவுக்குக் குளவி கொட்டியதைச் சொன்னேன்.

"ஐயோ! இப்ப வீக்கம் வத்திருச்சா? சாப்புடுறாங்களா? தனியா விட்டுட்டா வந்த?"

மூன்று கேள்வி! முன்பின் தெரியாத ஆள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், பக்கத்து வீட்டுச் சித்தி துணைக்கு இருக்கிறார் என்று சொல்லி முடிப்பதற்குள் ஹட்டன் வந்துவிட்டது.

தினேஷ் ஏறினார். என்னைப் பார்த்தார். அதற்கு முன் சீட்டைப் பார்த்தார்.

"எங்க சீட்டு?"

"அக்கா பிள்ளைய வச்சிக்கிட்டு நின்னாங்க, அதான்..."

"சரி, நீ எந்திரி. கோச்சி எடுத்துருவான், சட்டுனு எறங்கு."

"நான் நாவலப்பிட்டி வரைக்கும் வர்றேங்க. உங்க கூட பேசலாம்னு."

"நீ எதுக்கு வர்ற?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்திருப்பேன். ஏனோ இன்று கால் எழும்பவில்லை. மனசு வலித்தது. டிக்கட்டை எடுத்துக் காட்டிவிட்டு (டிக்கட் பரிசோதகரிடம் காட்டுகிற மாதிரியே!) அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றார். வட்டவளை தாண்டியது, கலபொட தாண்டியது. நான் மட்டும் இரண்டு தடவை "கால் வலிக்குதா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

நாவலப்பிட்டியில் நான் எழும்பப் போகும்போது அவர் குனிந்து, சீட்டின் முதுகில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, அந்தக் குரலில் கேட்டார்.

"செல்லம், அம்மா எப்பிடி இருக்காங்க?"

ஒரு வாரமாக நான் காத்திருந்த கேள்வி!

அவர் கண் என் முகத்தில் இல்லை. நான் எப்போது நகர்வேன் என்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்தேன். அடுத்த நொடி அந்த அக்கா மடியில் இருந்த மகளை என் சீட்டில் நீட்டிப் படுக்க வைத்துவிட்டார்!

"பிள்ளைக்கு தூக்கம் தம்பி. நீங்க நின்னுக்கிட்டே கேளுங்க."

பிளாட்பாரத்தில் இறங்கி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அதற்குள் மெசேஜ் வந்தது. "ஏன் இப்படி பண்ண? என் நிலைமைய நீ யோசிக்கவே இல்ல." 'சாரி' என்று டைப் செய்தேன். (பழக்கதோஷம்!) பிறகு அழித்தேன். இனிமேல் அந்த நம்பருக்கு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது திரும்புகிற பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். நின்றுகொண்டுதான்!

அம்மாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. கஞ்சி குடிக்கிறார். நீங்கள் எப்படியும் கேட்டிருப்பீர்கள்தானே?