ஜெசிதா போட்ட ஒன்றுகள்

சண்டிலிப்பாய் நிரோஜினி பொல்லாதவள் அல்ல, நம்பாதவள், அவ்வளவுதான். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் வியாபாரியின் தராசுத் தட்டுக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். யாராவது சேலை வடிவாயிருக்கிறது என்று சொன்னால், சொன்னவருக்கு என்னிடம் என்ன தேவையோ என்றுதான் முதலில் யோசிப்பாள். அப்படிப்பட்டவள் உளவியல் படிக்கப் போனது கண்ணில் மிளகாய்த்தூள் பட்டவன் அதை இன்னும் தேய்த்துக்கொண்ட மாதிரித்தான்.

இவளோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தவள் குருநகர் ஜெசிதா ஒருத்திதான். மத்தியானச் சாப்பாட்டில் பொரிச்ச மீனைப் பங்கிடுவாள். நிரோஜினி வெள்ளியில் சைவம் என்பதால் அன்றைக்குத் தானும் மரக்கறிதான் கொண்டு வருவாள். இரண்டு வருடமாக ஒரு வெள்ளியும் தவறவில்லை. நிரோஜினிக்கு அதுவே உறுத்தியது. ஒரு மனிசி எந்நேரமும் இப்படி இருப்பாளா?

அந்தத் தவணையில் விரிவுரையாளர் கோகுலன் ஒரு வேலை கொடுத்தார். சோடி சோடியாக ஒருவரை ஒருவர் ஆளுமை வினாக்கொத்தில் மதிப்பிட வேண்டும். பிறகு சோடிக்காரரின் ஒரு குணத்தைப் பண்புக் கோட்பாட்டாலும் உளப்பகுப்பாய்வாலும் விளக்கி, பேர் சொல்லாமல் வகுப்பில் கதைக்க வேண்டும். பேர் சொல்லாவிட்டால் மட்டும் தெரியாதா? யார் யாரோடு சோடி என்று முழு வகுப்புக்கும் தெரியும்.

சோடியான ஜெசிதா நிரோஜினியை மதிப்பிட்டுத் தந்த விடைத்தாளில் கூற்றுகள் இல்லை, ஒன்றிலிருந்து ஐந்து வரையான இலக்கங்கள் மட்டுமே. பிறரோடு ஒத்துப்போகும் இணக்கப் பண்புக்குரிய வரியில் ஐந்துகளுக்கு நடுவே நாலு ஒன்றுகள் நின்றன. கூட்டிப் பார்த்தால் நடுத்தரம். வாயாலே என்னைத் தங்கம் என்கிறவள் தாளிலே ஒன்று போடுகிறாளே! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவளுக்கோ பேய்க்குப் பேர் வைக்கப் பாடப்புத்தகமும் கையில் இருந்தது.

வகுப்பில் எழும்பி நின்று நன்றாகவே கதைத்தாள். “பண்புக் கோட்பாட்டின்படி இவர் இணக்கம் கூடியவர். பஸ்ஸிலும் கோயிலிலும் வகுப்பிலும், போன வருடமும் இந்த வருடமும், ஒரே மாதிரி நடக்கிறார். அளக்கலாம், மற்றவர்களோடு ஒப்பிடலாம். ஆனால் ஏன் அன்பாக இருக்கிறார் என்றால் இணக்கம் கூடியவர் என்கிறது. இணக்கம் கூடியவர் என்று எப்படித் தெரியும் என்றால் அன்பாக இருக்கிறாரே என்கிறது. சுற்றிச் சுற்றிச் சுப்பற்றை கொல்லை.”

சிரிப்பு எழுந்தது. அவளுக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

“உளப்பகுப்பாய்வு உள்ளே இறங்குகிறது. ஒப்புக்கொள்ள முடியாத வெறுப்பை மனம் நனவிலிக்குள் தள்ளிவிட்டு, அதற்கு நேரெதிரான நடத்தையை மிகையாகக் காட்டும். இதுதான் எதிர்வினை உருவாக்கம். இவருடைய அளவுக்கு மிஞ்சின அன்பு அப்படிப்பட்டது. வெறுப்பு எங்கே கசிந்தது? எனக்குப் போட்ட புள்ளிகளில்.”

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெசிதா மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

கோகுலன் கையை நீட்டினார். “தாளைத் தாரும். எதிர்க்கூற்றுகளைத் திருப்பினனீரோ?”

“என்ன சேர்?”

“‘மற்றவையில குறை பிடிக்கிறவர்’ எண்ட கூற்றுக்கு ஒண்டு போட்டா, அப்பிடி இல்லவே இல்லை எண்டு அர்த்தம். ஆறிலயிருந்து கழிச்சு அஞ்சாக்கித்தான் கூட்டோணும். நாலும் அந்த மாதிரிக் கூற்றுகள்தான்.” அவர் மனத்துக்குள் கூட்டினார். “உமக்கு முழுப்புள்ளி போட்டிருக்கிறா.”

சந்தேகத்தின் அகராதியான நிரோஜினியை, குறை பிடிக்காதவள் என்று இந்த உலகத்தில் ஒருத்தி நம்பியிருக்கிறாள்! அந்த நிமிடம் அவளுக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. கோட்பாடு கிடக்கட்டும், இருந்த ஒரேயொரு சினேகிதி போய்விடுவாளே என்று உள்ளே பதறியது.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் ஓடிப்போய் மறித்தாள்.

“ஜெசி, நான் பிழைவிட்டிட்டன். மன்னிச்சுக் கொள்ளடி.”

“சரி, விடு,” என்று ஜெசிதா சிரித்தாள். அதே பழைய சிரிப்பு.

அதோடு வாயை மூடியிருக்கலாம். விதி விடுமா? அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிரோஜினி கேட்டாள்:

“உண்மையாச் சொல்லு. உனக்கு என்னில கோவம் இல்லையோ?”

ஜெசிதாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

“இல்லை எண்டு சொன்னா, அடக்கி வைச்சிருக்கிறாள் எண்டு நினைப்பாய். ஓம் எண்டு சொன்னா, நான் அப்பவே கண்டுபிடிச்சனான் எண்டு நினைப்பாய். நான் என்னத்தைச் சொன்னா நீ நம்புவாய், நிரோ?”

அவள் உண்மையாகவே பதிலுக்குக் காத்து நின்றாள். நிரோஜினி எவ்வளவோ யோசித்தும் அப்படி ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை.