முடிச்சுக் கயிறும் நசுங்கிய வரைபடமும்

எண்பதுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு தொண்டு நிறுவன ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆறு மாதம் வந்து தங்கிப்போன வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் தன் கம்ப்யூட்டரை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். தகரப் பெட்டி உயரம், உள்ளங்கை இரண்டை விரித்த அளவு திரை. அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். அதில் ஏதாவது கோணலானால் திட்டு வாங்கும் உரிமையும் எனக்கு மட்டும்தான்.

எங்கள் செயலாளர் தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயரானவர். அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. காகிதத்தில் வெற்றிடம் இருக்கக் கூடாது. கையெழுத்து தனிப்பக்கத்துக்குப் போகக் கூடாது.

"எடம் காலியா விட்டா எவனாச்சும் நடுவுல எழுதிப்புடுவாம்மா. கையெழுத்து தனியாப் போனா அதுக்கு மேல வேற காயிதத்தை ஒட்டிப்புடுவான். நீ சின்னப் பொண்ணு, ஒனக்கு என்ன தெரியும்?"

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

அந்த வருஷம் திருச்சியில் இருந்த நிதிக் கமிட்டிக்கு ஓர் அறிக்கை போக வேண்டியிருந்தது. கீழப்பழுவூர் பக்கம் ஒரு காலனிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தரச் சொல்லிக் கேட்கும் அறிக்கை. அந்தக் காலனிக்குத்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கோடையில் அங்கே கிணறு காய்ந்தால் அரை மணி நேரம் நடந்து வயல்காட்டு மோட்டாரில் போய்க் கெஞ்ச வேண்டும். மோட்டார்க்காரன் மனசு வைத்தால் குடம் நிறையும், இல்லாவிட்டால் வெறுங்குடத்தோடு திரும்பி வர வேண்டியதுதான்.

கிணற்றை அளந்ததும் அக்காதான். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்குவாள். இழுத்துப் பார்த்து நனைந்த முடிச்சுகளை எண்ணுவாள். மாதாமாதம் முதல் தேதி, பதினாலு மாதம், ஒரு மாதம் தவறவில்லை. இருபத்திரண்டு முடிச்சில் தொடங்கியது மூன்று முடிச்சுக்கு வந்து நின்றது. அந்தக் கணக்கைத்தான் நான் கம்ப்யூட்டரில் கோடாகப் போட்டேன். சறுக்குமரம் மாதிரி சரசரவென்று இறங்கியது கோடு.

அதை அறிக்கைக்குள் ஒட்டுவதில்தான் வந்தது வினை. அந்தப் பெட்டியில் கோடு போடுகிற புரோகிராமும் கடிதம் அடிக்கிற புரோகிராமும் ஒன்றாகத் திறக்காது. ஒன்றை மூடித்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். மூன்று பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அந்த அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு அது சுலபமாகப் பட்டது. படம் பிடித்தேன், வெட்டினேன், அறிக்கையில் ஒட்டினேன்.

செயலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, ரெண்டு பக்கமும் இவ்ளோ எடம் சும்மா கெடக்கே? இழு, மார்ஜின் வரைக்கும் இழு."

"இழுத்தா படம் கெட்டுடும் சார்."

"அதெல்லாம் கெடாது. கையெழுத்து வேற அடுத்த பக்கத்துக்குப் போவுது பாரு. ஒசரத்தைக் கொறை."

ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கீழே பிடித்து அமுக்கினேன். பக்கம் நிரம்பியது, கையெழுத்தும் அதே பக்கத்தில் உட்கார்ந்தது. சறுக்குமரம் படுத்துவிட்டது. திரையைப் பிடித்த படம் என்பது வெறும் புள்ளிகள். அமுக்கினால் வரிசை வரிசையாகப் புள்ளிகள் காணாமல் போகும். மூன்றா எட்டா என்று தெரியாமல் எண்களெல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டன. பிரிண்டர் கரகரவென்று கத்தி அதையே அடித்துத் தள்ளியது. அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நீர்மட்டத்தில் பெரிய இறக்கம் காணப்படவில்லை, எண்களும் படிக்கும்படி இல்லை, எனவே ஆழ்துளை போடும் ரிக் வண்டி இந்த வருஷம் வேறு ஊருக்கு ஒதுக்கப்படுகிறது.

விஷயம் தெரிந்ததும் அக்கா அரியலூரில் பஸ் மாறி நேராக ஆபீசுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் அந்தக் கயிறு. நகலை எடுத்து நீட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, கோடு தெரியும்.

"என்னாடி இது? எங்க கெணறா இது? தண்ணி எறங்கவே இல்லியே! குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு ஒடிஞ்சதுக்கு இதாடி நீ போட்ட கோடு?"

"ஏம்மா, ஆபீசுல சத்தம் போடாதம்மா" என்றார் செயலாளர்.

"போடாம? நீங்க வூட்ல கொழாயத் தொறந்தா கொட்டுது. நாங்க எவன் காலுலங்க விழறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை திரையைப் படம் பிடிக்கவில்லை. கோடு புரோகிராமிலேயே, திரையில் படம் தெரியும் ஜன்னலைச் சுருக்கி, காகிதத்தில் எவ்வளவு அகலம் உயரம் வேண்டுமோ அதே அளவுக்கு ஸ்கேல் வைத்துக் கொண்டுவந்தேன். எழுத்தின் அளவையும் அங்கேயே சரிசெய்தேன். பிறகு அந்த வரைபடத்தையே காப்பி செய்தேன். அப்படி எடுத்தால் கோடு கோடாகவே வரும், எழுத்து எழுத்தாகவே வரும். அதை மூடி, அறிக்கையைத் திறந்து, ஒட்டி, கையை எடுத்துவிட்டேன். ஓரத்தையோ மூலையையோ தொடவே இல்லை. மூலையைப் பிடித்து இழுத்தாலும் படத்தை நெளித்துவிடுகிற கம்ப்யூட்டர் அது.

பிரிண்டரில் வந்ததைப் பழைய நகலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே கிணறு, ஒரே பதினாலு மாதம். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

"எடம் காலியா இருக்கேம்மா" என்றார், சத்தமே இல்லாமல்.

"கோடு போட்டு அடிங்க சார்! தாலுகா ஆபீசுல அப்படித்தான அடிப்பீங்க? படத்து மேல மட்டும் கை வெக்காதீங்க. கையெழுத்து அடுத்த பக்கம் போனா போவட்டும், ரெண்டு பக்கத்துலயும் போடுங்க."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. மனுஷர் ஸ்கேலை எடுத்தார். படத்தைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் குறுக்குக்கோடு இழுத்தார், இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். இதை முதலிலேயே செய்து தொலைத்திருக்கலாம்.

இந்தத் தடவை பதில் பத்தே நாளில் வந்தது. நிலைமை கடுமை என்று ஒத்துக்கொண்டார்கள். ரிக் வண்டி வரும், ஆனால் அடுத்த வருஷம்தான். இந்த வருஷத்து வண்டி முந்தின வாரமே வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டதாம்.

அக்காவுக்குச் செய்தி சொல்ல நானே போனேன். வெறுங்குடத்தோடு வயல்காட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தாளு இழுக்கச் சொன்னாரு, சரி. இழுத்தது யாரு?"

ரிக் வண்டி வந்து சேரும் வரை, மறு கோடை முழுக்க அவள் அந்த அரை மணி நேரத்தை நடந்தாள்.