பிரேக் போட்ட கிரேன்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடியின் டவர் கிரேன், எப்போது காலையில் போய்ப் பார்த்தாலும் மேற்கே பார்த்தே நின்றது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு உறுத்த ஆரம்பித்தது. வேலை முடிந்து ஆள் இறங்கிய பிறகு கிரேன் காற்றோடு தானாகத் திரும்ப வேண்டும். இது என்ன, போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கிறது?

என் வேலை கிரேனின் காலடியைப் பார்ப்பது. ஆறு மீட்டர் சதுரம், ஒன்றரை மீட்டர் கனம், ஒரே கான்கிரீட் கட்டி. அதன் நடுவிலிருந்துதான் கோபுரம் எழும்புகிறது. கீழே பைல் என்கிற ஆழத் தூண் எதுவும் இல்லை, வெறும் மண். அந்த மண் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவள் நான். அதனால் அவ்வப்போது போய், கட்டியின் நான்கு மூலைகளில் எதுவும் இறங்கியிருக்கிறதா என்று அளந்து பார்ப்பேன்.

அன்றைக்கு அளந்தபோது கிழக்கு மூலை சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. எதிர் மூலையில் குனிந்து பார்த்தேன். கட்டிக்கும் அடிமண்ணுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு இடைவெளி. அந்த மூலை எழும்பிப் பார்த்திருக்கிறது!

மேலே ஏறப் போன கிரேன் ஓட்டுநரைக் கூப்பிட்டேன். குளுவாங் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர்.

"அண்ணே, நில்லுங்க. இன்னிக்கு எதையும் தூக்க வேணாம். ஏன் இது எப்பவும் மேற்கையே பாக்குது?"

"பிரேக் போட்டுட்டுதான மேடம் இறங்குறேன்."

"என்னது?"

"பின் வீட்டுல கம்ப்ளேன் லா. யாருமே இல்லாம ராத்திரில அதுவா திரும்புதாம், பேய் மாதிரி. அவங்க வீட்டு மேல வந்து நிக்குதாம். வீட்டுக்கு எதிர்ப் பக்கமா திருப்பி லாக் பண்ணுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மேனேஜரின் அறைக்குப் போய் நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது. அவர் பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தார். சத்தம் போட்டு முடித்ததும் அந்த அறையிலேயே உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். கோபத்தைவிட, எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அப்போது பெரிதாக இருந்தது.

கிரேனுக்கு இரண்டு கைகள். பாரம் தூக்கும் நீளக் கை ஒன்று. அதைச் சமன் செய்யப் பின்னால் கான்கிரீட் பாளங்கள் தொங்கும் குட்டைக் கை ஒன்று. கொக்கியில் பாரம் இல்லாதபோது கிரேன் அந்தப் பாளங்களின் பக்கம் சாயப் பார்க்கும். பிரேக்கை விட்டுவிட்டால், காற்று அடிக்கும்போது நீளக் கை காற்று போகும் திசைக்குத் திரும்பிவிடும். காற்று ஒரு பக்கம் தள்ளும், பாளங்கள் எதிர்ப் பக்கம் இழுக்கும். ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். கிரேன், கட்டி இரண்டின் எடையும் அப்போது கட்டியின் நடுப்பகுதிக்குள்ளேயே விழும். அடிமண் முழுதும் சேர்ந்து சுமக்கும்.

மேற்கே திருப்பிப் பூட்டினால்? இங்கே விடிகாலையில் வருகிற சுமத்ரா காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். அது கோபுரத்தைக் கிழக்கே தள்ளும். பாளங்களும் கிழக்கே. இரண்டும் கூட்டு சேர்ந்துகொள்ளும். எடை நடுப்பகுதியைத் தாண்டி ஓரத்துக்குப் போகும், மேற்கு மூலை மண்ணை விட்டு எழும்பும், கிழக்கு மூலைக்குக் கீழே உள்ள கொஞ்ச மண்ணே எல்லாவற்றையும் தாங்கியாக வேண்டும். மண் தாங்கும் என்று நான் எழுதிக் கொடுத்த அளவை அந்த மூலை தாண்டிவிட்டது. அந்த மூலைக்கு நேரே இருப்பது, கம்ப்ளேன் கொடுத்த அந்த வீடு.

அலமாக், ஐயோ! வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கோபுரம் நிமிர்ந்து நிற்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தோம். சாயவில்லை. அந்த மூலையை ஒட்டி இரும்புக் கம்பியை அடித்து இறக்கிச் சோதித்தோம். ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகிற எளிய சோதனைதான். கிரேன் நிறுத்துமுன் எடுத்த எண்ணிக்கையை விடக் குறையவில்லை. மண் கெட்டியாகத்தான் இருந்தது. பிரேக்கை எடுத்துவிட்டால் போதும். ஆனால் எடுத்தால், மேற்குக் காற்று வரும்போதெல்லாம் நீளக் கை அந்த வீட்டுக்கு மேலேதான் போய் நிற்கும். அதை அந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டுமே.

கதவைத் திறந்தவள் சின்னப் பெண். தோளில் கைக்குழந்தை. கணவன் சிங்கப்பூரில் வேலை, விடியுமுன்னே கிளம்பிவிடுவானாம்.

"பிள்ள தூங்குற ரூமு பின்னாடிதான் அக்கா. ஜன்னல் வழியா பாத்தா அது தலைக்கு மேல நிக்குது. எனக்கு உயிரே போயிருச்சு. இப்பதான் நிம்மதியா தூங்குறேன்."

எப்படிச் சொல்வது? பின்கட்டில் துணி உலர்த்தும் ஸ்டாண்ட் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கிளிப் போட்டுக் கட்டிய பெரிய துண்டோடு விழுந்திருந்தது. பக்கத்துக் கம்பியில் ஹேங்கரில் மாட்டிய குட்டிச் சட்டைகள் காற்றுக்குத் திரும்பித் திரும்பி ஆடிக்கொண்டிருந்தன.

"அது ஏம்மா விழுந்துச்சு?"

"காத்துலதான்."

"சட்டையெல்லாம் விழலியே."

அவள் சட்டைகளைப் பார்த்தாள், கிரேனைப் பார்த்தாள். கெட்டிக்காரி. நான் பாளங்களைக் காட்டி, இப்போது உன் வீட்டுப் பக்கம் இழுப்பது அவைதான் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த நீளக் கைய விட்டுட்டா எங்க மேலதான வரும்?"

"வரும்மா. கொக்கில ஒண்ணும் இருக்காது. ஆனா வரும்."

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். பிறகு சண்டைக்காரி மாதிரிக் கேட்டாள்: "அடுத்த காத்துக்கு நீங்க இங்க வந்து நிப்பீங்களா?"

வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "வரேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே பிரேக் எடுக்கப்பட்டது. சில நாள் கழித்து, விடியும் நேரத்தில் மேற்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் அந்தப் பின்னறைக்குள் நுழைவதற்கும் காற்று அறைவதற்கும் சரியாக இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நீளக் கை மெல்ல நகர ஆரம்பித்தது. மழைக்குள் சுற்றி வந்து, எங்கள் தலைக்கு நேர் மேலே நின்று, அங்கேயே லேசாக ஆடியது. எனக்கு ஒவ்வொரு எண்ணும் மனப்பாடம். இருந்தும் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல, அது சிணுங்கியது.

"பயமா இருக்கா அக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப சரி" என்றாள். "பயமில்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

மழை விட்டதும் போய் மூலைகளை அளந்தேன். கிழக்கு மூலை முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குழந்தையோடு வந்து நின்றாள்.

"கீழ போயிருக்கா?"

"இல்லம்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டாண்டை வெளியே கொண்டுவந்து நிமிர்த்தி, துண்டை உதறி, இந்தத் தடவை ஹேங்கரில் மாட்டினாள்.