வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு

விஷயம் மூன்று பேருக்குத் தெரியும். மூன்று பேருமே கெட்டவர்கள் இல்லை. அப்படியிருந்தும் ஒருவர்கூட ஏன் வாயைத் திறக்கவில்லை? விபத்து நடந்த வாரத்தில் பலர், அவர்களுடைய பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

அவளைப் பாகுக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் வேலை செய்த பட்டறையில் டாஃபியும் பட்டர்ஸ்காட்ச்சும் மட்டும்தான் செய்வார்கள். தகரக் கூரை போட்ட நீளமான கூடம். ஒரு மூலையில் அடுப்பும் அடி கனத்த பெரிய பாத்திரமும். நடுவில் பாகை ஊற்றி ஆறவைக்கும் இரும்பு மேசை. கடைசியில் பெண்கள் உட்கார்ந்து துண்டுகளுக்குக் காகிதம் சுற்றும் பலகை. பதினெட்டு வருடம் அந்த அடுப்பின் முன்னால் நின்றவள் அவள். அவள் 'இறக்கு' என்று சொன்னால்தான் பாத்திரம் இறங்கும்.

பாத்திரத்தில் துடுப்புப் போட்டுக் கிண்டுவது அவளுடைய தம்பி. நாற்பது வயது ஆள். தோள் இரண்டும் மூட்டை மாதிரி இருக்கும். அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். சர்க்கரை கரைந்த பிறகு வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, சிறு தீயில், ஒரே வேகத்தில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் வெண்ணெய் பாகை விட்டுப் பிரிந்து எண்ணெயாக மேலே மிதக்கும். தீ சட்டென்று ஏறினாலும் அப்படித்தான். ஆனால் நிறம் பார்க்க வேண்டுமே? வெந்துகொண்டிருக்கும் பாத்திரத்துக்குள் பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதனால்தான் கிண்டுகிற கை ஒருவருடையது, பார்க்கிற கண் இன்னொருவருடையது. 'கையும் கண்ணும் ஒரே ஆளுக்கு இருக்கக் கூடாது' என்பது அந்தப் பட்டறையின் சட்டம்.

ஜன்னலோரம் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் சரியான பதத்தில் வந்த ஒரு பழைய துண்டு. அதற்குச் சாட்சி என்று பெயர். தட்டில் விழுந்த சொட்டு, சாட்சியை விட ஒரு நிழல், அதாவது ஒரு சாயல், வெளுப்பாக இருக்கும்போதே பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் பாத்திரத்தின் சூட்டில் பாகு கொஞ்சம் கறுக்கும். சாட்சியின் நிறம் வரும்வரை காத்திருந்தால் கசப்புத்தான் மிஞ்சும். வெப்பமானி ஒன்றும் ஆணியில் தொங்கியது. "அது சூட்டைச் சொல்லும். வெண்ணெய் இன்னிக்கு எப்படிச் சிவக்கும்னு அதுக்கு என்ன தெரியும்?" என்பாள் பாகுக்காரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. முதலில் ஜன்னல் கண்ணாடியில்தான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு தட்டில் விழும் சொட்டும் சாட்சியும் ஒரே மண் நிறமாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் அறுவை செய்யலாம் என்றார்கள். ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். அவள் தேதி வாங்காமல் திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் அந்த அடுப்பில் நின்ற மனிதர் இருமலுக்காக இரண்டு வாரம் லீவு போட்டவர். அவர் திரும்பி வந்தபோது அவர் இடத்தில் இவள் நின்றிருந்தாள். அது அவளுக்கு மறக்கவில்லை.

தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

"இதுக்குப் போயா முகத்தத் தொங்கப் போட்டிருக்க?" என்றான் அவன். "எனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல. ஒண்ண நீ வாடகைக்கு எடுத்துக்கோ."

அன்றிலிருந்து கிண்டுகிறவனே சொட்டையும் பார்த்தான். நிறம் வந்ததும் துடுப்பால் பாத்திர விளிம்பை இரண்டு தட்டுத் தட்டுவான். அவள் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னல் பக்கம் திரும்பி, பார்ப்பதுபோல் பார்த்து, "இறக்கு!" என்று கத்துவாள். மணமும் சத்தமும் அவளுக்குத் துணை நின்றன. வெண்ணெய் சிவக்கும் வாசம் எங்கே மாறுகிறது என்று அவள் மூக்குக்குத் தெரியும். கடைசி இரண்டு நிழலுக்குத்தான் தம்பியின் கண் வேண்டியிருந்தது. அவன் சொட்டைப் பார்க்கும் ஒரு நொடி கை நிற்கத்தான் செய்தது. சிறு தீயாக இருந்ததால் பாகு அதைப் பொறுத்துக்கொண்டது.

மூன்றாவது ஆள், காகிதம் சுற்றும் பெண்களில் ஒருத்தி. அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் யாரோடு பேசவில்லை என்பது வரைக்கும் ஒலிபரப்புவாள். ஒருநாள் பாகுக்காரி தட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிறம் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எத்தன நாளா?"

"எது?"

"என்கிட்டயேவா? சரி, சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

"நீயா? உன் வாய்க்கு ஏதுடி பூட்டு?"

"உனக்காக ஒண்ணு வாங்கி மாட்டிக்கிறேன், போ."

சொன்ன சொல் தவறவில்லை. ஊரெல்லாம் உளறும் வாய் இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டது. அன்று அது பெரிய அன்பாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் முதலாளி பரபரப்பாக வந்தார். பல கடைகளுக்குச் சரக்கு வாங்கும் ஒருவரைக் கூடவே அழைத்து வந்திருந்தார். வந்தவர் சாட்சியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே நிறம் வரணும். வெளுத்தாலும் வேண்டாம், கறுத்தாலும் வேண்டாம். என் கண்ணு முன்னாடி ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. எனக்குப் பத்தரைக்கு வண்டி."

"எங்க பாகுக்காரி கண்ணு தராசு மாதிரி சார்," என்றார் முதலாளி. "உக்காருங்க, ஒரு டீ குடிச்சிட்டே பாக்கலாம்."

தட்டில் சொட்டு விழுந்ததும் அந்த மனிதர் பக்கத்தில் வந்து "இப்ப எப்படி?" என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குத்தான் பாகுக்காரி பயந்தாள். அதற்காகவே தம்பியின் காதில், "சீக்கிரம் முடிச்சிடுடா" என்றாள். அவள் வாயிலிருந்து அதுவரை வராத சொல் அது.

தம்பி தீயைத் தூக்கினான். வெண்ணெய் அன்று குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது, கல் மாதிரி. நறுக்க நேரமில்லாமல் பெரிய கட்டிகளாகவே போட்டான். பாகு கொதித்து, மஞ்சளாகி, வாசம் மாறியது. அவன் துடுப்பை நிறுத்திச் சொட்டு எடுத்தான். வந்தவர் பார்க்கிறாரே என்று இந்த முறை தட்டைச் சாட்சியின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்து ஒப்பிட்டான். நாலு நொடி இருக்கும்.

முதலில் கேட்டது அவளுக்குத்தான். பாகு நன்றாக வேகும்போது 'பொளக், பொளக்' என்று கனமாகக் குமிழி விடும். அந்தச் சத்தம் சட்டென்று அடங்கி, எண்ணெயில் எதையோ பொரிப்பதுபோல் 'சர்ர்' என்றது.

"பிரியுதுடா!" தடவி அடுப்பைத் திருகி அணைத்தாள். துடுப்பைப் பிடுங்கித் தானே கிண்டினாள். மேலே எண்ணெய் குளமாக நின்றது, கீழே சர்க்கரை மணல் மணலாகத் திரண்டது. துடுப்புக்கு அது தெரிந்தது. "வெந்நீர் எடு! கொஞ்சம் கொஞ்சமா!"

பிரிந்த பாகைச் சேர்க்க ஒரு வழி உண்டு. தீயை அணைத்துவிட்டு, கொதிக்கும் வெந்நீரை ஒரு கரண்டி விட்டு, விடாமல் கிண்டி, சேர்ந்த பிறகு அடுத்த கரண்டி. அதற்காகவே அடுப்போரம் எப்போதும் ஒரு கெட்டில் வெந்நீர் இருக்கும். அவள் அதை வைக்காமல் ஒருநாளும் அடுப்பைப் பற்றவைத்ததில்லை.

அன்று கெட்டில் அங்கே இல்லை. டீ போட முதலாளி அதை எடுத்துப் போயிருந்தார்.

தம்பி சுற்றிலும் பார்த்தான். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி ஓடிப்போய்க் குழாயடியில் ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து வந்தான். தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்திருக்கிறான்.

"கொண்டாந்துட்டேன்க்கா."

"ஊத்து," என்றாள் அவள்.

கண் தெரிந்திருந்தால் அவன் கையில் இருப்பது கெட்டில் இல்லை, குழாயடி மக் என்று பார்த்திருப்பாள். அது அவள் கண்ணில் படவில்லை. கூடத்தின் கடைசியில் இருந்த ரேடியோ பார்த்துவிட்டாள். "அண்ணே, வேண்டாம்!" என்று எழுந்தாள். அதற்குள் கவிழ்த்துவிட்டான்.

அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் மொத்தமாக விழுந்தால் அது தண்ணீராக இருக்காது. ஒரே நொடியில் ஆவியாக வெடித்துப் பாகைத் தூக்கி எறியும். அவளுக்குக் கழுத்தில் இரண்டு மூன்று பொட்டு. குனிந்து நின்ற தம்பிக்கு வலது கை முழங்கை வரை. பாகு சுடுதண்ணீர்போல் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு உள்ளே சுட்டுக்கொண்டே இருக்கும். அவன் கத்தியபடி அதைப் பிய்க்கப் போனான்.

"பிய்க்காதடா, தோலு வந்துரும்!" அவன் கையைத் தடவிப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். வழியில் மேசை முனை இடுப்பில் இடித்தது. ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை, கால்மணிக்கு மேல், ஓடுகிற தண்ணீரில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி பின்னால் வந்து கத்தினார். "பச்சத் தண்ணி ஊத்துறான், நீ பாத்துக்கிட்டா நின்ன? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"எனக்குக் கண்ணு தெரியல முதலாளி," என்றாள். "ரெண்டு வருஷமா."

ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாத்திரத்தில் பாகு எண்ணெய் மிதக்க அப்படியே கல்லாக இறுகியது. அதைக் கொதிநீர் விட்டுக் கரைத்து எடுக்க இரண்டு நாள் ஆனதாம். அதை எடுக்கும்போது பாகுக்காரி அங்கே இல்லை.

தம்பியின் கை பிழைத்தது. விரல்கள் மட்டும் மடங்கிய மேனிக்கு நின்றுவிட்டன. துடுப்புப் பிடிக்க முடியாது. ஐந்து மாதம் கழித்து அவளுக்கு ஒரு கண்ணில் அறுவை நடந்தது. இனி அடுப்பு வேலை இல்லை, அதனால் ஒரு மாதம் ஓய்வெடுக்கத் தடையும் இல்லை. கட்டு அவிழ்த்த நாளில் எல்லாம் கூசும்படி வெளுப்பாக, கொஞ்சம் நீலம் பாய்ந்ததுபோல் தெரிந்தது. எதிரே தம்பி உட்கார்ந்திருந்தான். அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. ஓரங்களில் பழுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கவனித்தான். "என்னக்கா, நிறம் பாக்குறியா? இன்னும் ஒரு நிழல் கம்மியா இருக்கா?"

அவள் சிரிக்கவில்லை. "நீ என்கிட்ட பச்சத் தண்ணினு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடா," என்றாள்.

"நீ முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா," என்றான் அவன்.

இன்றைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் சட்டைக்கு அவள்தான் பொத்தான் போட்டுவிடுகிறாள். இனிப்பு என்று எதுவும் அந்த வீட்டுக்குள் வருவதில்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: மூன்று பேரும் அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள், அவளும் உட்பட. இதைப் படிக்கிறவர்கள், கொதிக்கும் பாகின் முன்னால் நிற்கிற யாரையாவது தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். கெட்டில் எங்கே இருக்கிறது என்று அடுப்பைப் பற்றவைக்கும் முன் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கினதை மறைத்துக்கொண்டு யாராவது பக்கத்தில் நின்றால், அவர்களிடமும் சொல்லுங்கள்.