சிவப்பில் போனவர்கள்

தஞ்சாவூரில் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். குடும்பக் கணக்கெடுப்புப் படிவங்களில் கேள்விகளும் கட்டங்களும் சிவப்பு மையில் அச்சாகியிருக்கும். ஸ்கேனர் சிவப்பை மட்டும் விட்டுவிடும். நீலப் பேனாவில் எழுதியது வெள்ளைத் திரையில் தனியாக மிதக்கும்; அதைத்தான் அடிப்போம்.

ஒருநாள் முப்பது பக்கம் வரிசையாக வெறுமையாக வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. அடியில் நீலக் கைநாட்டு மட்டும். எல்லாவற்றுக்கும் ‘காலி’ என்று அடித்தேன்.

“தாளை எடுத்துப் பாருங்க,” என்றார் சூப்பர்வைசர்.

எடுத்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கணக்கெடுத்த புண்ணியவான் சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறார். மனதுக்குள் திட்டிக்கொண்டே புரட்டினேன்.

பதினோராவது தாளில் எங்கள் ஊர், எங்கள் தெரு, அம்மாவின் பெயர். கீழே, நான் ‘காலி’ என்று அடித்த கைநாட்டு.