மூடாமல் விட்ட முனை

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இக்னேஷியஸ் தனியாக இருக்கிறார். ஒரு பயிற்சி நிறுவனத்துக்குப் பிளெண்டர் என்ற கணினி மென்பொருளில் தொழிற்சாலைக் குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் முப்பரிமாண மாதிரிகள் செய்து அனுப்புவது அவர் வேலை. ஒரு வளைகோடு வரைந்து, அதன் நெடுக ஒரு வட்டத்தை இழுத்தால் குழாய் வந்துவிடும். முனைகளை மூட ‘ஃபில் கேப்ஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் முனையில் வெறும் ஓட்டைதான்.

ஒருமுறை ஒரு கேபிளுக்கு டிக் போட மறந்துவிட்டார். நிறுவனத்தில் அவர் வேலையைச் சரிபார்க்கும் நிஷா ஃபோன் செய்தாள்.

“அண்ணா, ஒரு கேபிள் முனை ஓட்டையா கீது. பாத்து அனுப்புங்க. சாப்ட்டீங்களா?”

அந்த வாரம் அவரிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஃபைலிலும் ஒரு கேபிளை வேண்டுமென்றே மூடாமல் அனுப்பினார். இருபது வருஷம் வேலை தெரிந்தவன் செய்கிற காரியமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் ஃபோன் வந்தது.

நேற்று ஃபோன் வரவில்லை. மெசேஜ்தான் வந்தது.

“அண்ணா, ஒரு டிக் தானே, நானே போட்டுட்டேன். இனிமே இதுக்கெல்லாம் உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்.”