பன்னிரண்டாம் திருத்தம்

பம்புக் கையேட்டின் தமிழ் வரைவைப் படிக்கப் படிக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பதினாறு வருடமாக இயந்திரக் கையேடுகளின் தமிழைச் சரிபார்க்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சிவப்புப் பேனா' என்றே பெயர். இப்படியொரு அசட்டையை அவள் கண்டதில்லை. மேஜையில் காபி ஆறிக்கிடக்க, அதை எழுதிய, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன சின்னப் பெண்ணான மொழிபெயர்ப்பாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'பம்பின் ஹெட் என்பது தலை அல்ல, தண்ணீர் ஏறும் உயரம். "தலை முப்பது மீட்டர்" என்று படித்தால் மெக்கானிக் தன் தலையில்தான் அடித்துக்கொள்வார். ஃபுட் வால்வைக் கால் வால்வு ஆக்காதே; கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வெளிக்கூட்டை ஓரிடத்தில் உறை, ஓரிடத்தில் கூடு, ஓரிடத்தில் பெட்டி என்கிறாய். படிப்பவர் மூன்று பாகங்களைத் தேடுவார். "மூடப்பட வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது" என்பது எச்சரிக்கை இல்லை, தாலாட்டு. "மூடுங்கள்" என்று எழுது.'

இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதில் கை நின்றுவிட்டது. 'பம்பை ஓடவிட்ட பிறகு தண்ணீர் நிரப்பவும்' என்றிருந்தது. மூலத்தில் நிரப்பிய பிறகுதான் ஓடவிட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால், கசிவைத் தடுக்கும் சீல் கருகிவிடும். ஓடிச் சூடேறிய பம்பின் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும். இவளை வேலையில் நிரந்தரமாக்க வேண்டாம் என்று மேலாளருக்கும் நகல் வைத்து அனுப்பினாள். வேலை போனால், வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பெண் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் சின்னவள் மேஜையருகே வந்து நின்றாள். அழவில்லை.

"பதினொண்ணும் என் தப்புதான் அக்கா. பன்னிரண்டாவது நான் எழுதினதில்ல. பூட்டியிருந்துச்சு. யார் பேர்ல இருக்குன்னு நீங்களே பாருங்க."

ஒப்புதல் பெற்ற பழைய வாக்கியங்களை, ஒப்புதல் தந்தவர் பெயரோடு, மென்பொருள் சேமித்து வைத்திருக்கும். அதே மூல வாக்கியம் மறுபடி வந்தால் பழைய தமிழைத் தானே இட்டுப் பூட்டிவிடும். பூட்டியதைப் புதியவர்கள் தொடக்கூடாது என்ற விதியைப் போட்டவளே அவள்தான்.

பார்த்தாள். அவள் பெயர்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு பழைய பம்புக் கையேட்டின் நானூறு வரிகளுக்கும், படிக்காமலே, ஒரே அழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தாள். அந்தக் கையேடு அச்சாகி, பம்புகளோடு பெட்டிக்குள் போய்விட்டது. இந்த முறை அருவருப்பு சின்னவள் மேல் இல்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். மென்பொருளில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், பழையதைக் கிளறினால் வாடிக்கையாளர் போய்விடுவார், நீங்கள் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் இந்த வேலையை நம்பித்தானே இருக்கிறது என்று அவர் நயமாகச் சொன்னார்.

"பெட்டியப் பிரிச்சு அதைப் படிக்கிறவன் கை வேகும் சார்," என்றாள்.

இடத்துக்கு வந்து பம்பு நிறுவனத்துக்கே தவறைச் சொல்லி நேராக எழுதினாள். சின்னவளுக்கும் மேலாளருக்கும் மறுபடி ஒரு கடிதம் அனுப்பினாள்: 'நிரந்தரமாக்க வேண்டாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். பதினொன்றையும் நாளைக்குள் திருத்து. பன்னிரண்டாவது என்னுடையது.'

பிறகு அந்த நானூறு வரிகளையும் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஏழாவது வரியிலேயே இன்னொரு தவறு இருந்தது.